அயோடோபார்ம் சோதனை: மஞ்சள் வராதபோதும், வரக்கூடாத இடத்தில் வரும்போதும் எங்கே தேடுவது

புத்தகத்தில் இந்தச் சோதனை ஒரே வரியில் முடிந்துவிடும். மெத்தில் கீட்டோனோடு அயோடினும் காரமும் சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு, வேறு கீட்டோன் என்றால் ஒன்றும் இல்லை. ஆய்வக மேசையில் அவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை. அசிட்டோபீனோன் என்று தெரிந்தே எடுத்த குழாயில் எண்ணெய் மிதக்கும், மஞ்சள் வராது. டைஈதைல் கீட்டோனில் வரவே கூடாது, ஆனால் லேசாகக் கலங்கும். சில நாள் எல்லாக் குழாயிலும், வெறும் தண்ணீர் ஊற்றியதிலும்கூட, மஞ்சள் தெரியும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு, பெரும்பாலும் அடுத்த சில நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். அதைத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஆனால் எது கெட்டது என்று சொல்வதற்கு முன் எது சரி என்று தெரிய வேண்டும், அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

சரியாக நடந்தால் எப்படி இருக்கும்

அயோடின் கரைசலுக்கு 20 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதில் 10 கிராம் அயோடினைப் போட்டுக் கரைத்து, பிறகு மொத்தம் 100 மில்லியாக்குங்கள். அயோடினை நேரே தண்ணீரில் போட்டால் கரையாது, அயோடைடு இருந்தால்தான் கரையும். காரம் 10% சோடியம் ஹைட்ராக்சைடு.

கொஞ்சம் பெரிய சோதனைக் குழாயில் 2 மில்லி தண்ணீர், அதில் சோதிக்க வேண்டிய பொருள் 0.1 கிராம் (திரவம் என்றால் மூன்று நான்கு சொட்டு), 2 மில்லி காரம். குலுக்கிக்கொண்டே அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பழுப்பு நிறம் விழுந்த உடனே மறையும். தொடர்ந்து விட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நிறம் மறையாமல் நிற்கும், அங்கே நிறுத்த வேண்டும். அசிட்டோன் போன்ற எளிய கீட்டோன் என்றால் அறை வெப்பநிலையிலேயே, பாதி வழியிலேயே மஞ்சள் கலங்கல் வந்துவிடும். வராவிட்டால் 60 டிகிரி வெந்நீரில் குழாயை வைத்து, நிறம் இரண்டு நிமிடம் நிற்கும் வரை இன்னும் அயோடின் விடுங்கள். அப்புறம் மிச்ச அயோடினின் நிறம் போகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுக் காரம், குழாய் நிறையத் தண்ணீர், கால் மணி நேரம் சும்மா வைப்பது. அடியில் எலுமிச்சை மஞ்சளில் பொடி தங்கும். பழைய ஆஸ்பத்திரிகளில் கட்டுப் போடும் அறையில் வீசுமே, அந்த வாசனை.

உள்ளே நடப்பது இதுதான். காரம், கார்பனைலுக்குப் பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனை எடுக்கிறது, அந்த இடத்தில் அயோடின் ஏறுகிறது. ஏறிய அயோடின் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதால் அதே கார்பனில் மிச்சமுள்ள ஹைட்ரஜன் இன்னும் சுலபமாகக் கழன்றுவிடும். ஆகவே முதல் அயோடின் ஏறுவதுதான் மெதுவான படி. இரண்டாவதும் மூன்றாவதும் வேகமாக ஏறி, CH3 என்பது CI3 ஆகிவிடுகிறது. பிறகு ஹைட்ராக்சைடு கார்பனைல் கார்பனைத் தாக்கும், மூன்று அயோடின் சுமந்த கார்பன் எதிரயனியாகப் பிரிந்து போகும், அது ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டால் CHI3, அதாவது அயோடோபார்ம். மிச்சம் ஒரு கார்பன் குறைந்த கார்பாக்சிலிக் அமிலத்தின் உப்பு.

```
RCOCH3 + 3 I2 + 4 NaOH → CHI3 + RCOONa + 3 NaI + 3 H2O
```

இந்தச் சமன்பாட்டில் இருக்கும் 3, 4 என்ற எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினைகள் அங்கிருந்துதான் வருகின்றன.

அயோடின் விட்ட முதல் சொட்டிலிருந்தே பழுப்பு போகவில்லை

காரம் போதவில்லை, வேறொன்றும் இல்லை. பாட்டில் திறந்தே கிடந்த சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை இழுத்துக் கார்பனேட்டாக மாறிக்கொண்டே இருக்கும், லேபிளில் 10% என்றே இருக்கும். சோதிக்கும் பொருளில் அமிலம் கலந்திருந்தாலும் ஊற்றிய காரத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும். லிட்மஸ் தாள் நீலமாவது இங்கே போதுமான சான்று இல்லை, கார்பனேட்டிலும் அது நீலமாகும். ஒரு தனிக் குழாயில் 2 மில்லி காரத்தில் அயோடினை விட்டுப் பாருங்கள். நல்ல காரம் என்றால் ஐந்தாறு மில்லி வரை நிறத்தை விழுங்கிவிடும். ஒரு மில்லிக்கே பழுப்பு நின்றுவிட்டால் பாட்டிலை மாற்றுங்கள்.

இதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. கீட்டோன் எதுவும் இல்லாமலே காரம் மட்டும் அயோடின் நிறத்தைப் போக்கும், ஏனென்றால் அயோடின் அங்கே நிறமில்லாத ஹைப்போஅயோடைட்டாகவும் அயோடைடாகவும் மாறுகிறது. ஆக, "நிறம் போனது, எனவே பாசிட்டிவ்" என்று எழுதுவது தப்பு. நிறம் போவது எந்தக் கீட்டோனையும் காட்டாது.

நிறம் போகிறது, ஆனால் மஞ்சள் வரவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மெத்தில் கீட்டோன் என்று நிச்சயமாகத் தெரிந்த பொருளிலேயே இப்படி நடந்தால் முதலில் அளவைப் பாருங்கள். 0.1 கிராம் பென்டன்-2-ஓன் என்பது 1.16 மில்லிமோல். அதற்கு மூன்று மடங்கு அயோடின், 3.5 மில்லிமோல், எடையில் 0.88 கிராம். நம் கரைசலில் ஒரு மில்லிக்கு 0.1 கிராம் அயோடின்தான் இருக்கிறது, அப்படியென்றால் கிட்டத்தட்ட 9 மில்லி வேண்டும். காரம் நான்கு மடங்கு, 10% கரைசலில் 1.9 மில்லி வரும். "சில சொட்டு அயோடின் சேர்க்கவும்" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பி, ஒரு மில்லியோடு நிறுத்திவிட்டு நெகட்டிவ் என்று எழுதும் பழக்கம் இந்தக் கணக்கைப் போடாததால் வருவது.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். இரண்டாவது மூன்றாவது அயோடின் வேகமாக ஏறும் என்றால், அயோடின் குறைவாக இருந்தாலும் சில மூலக்கூறுகளாவது முழுசாக CI3 வரை போய்க் கொஞ்சம் அயோடோபார்ம் தர வேண்டும் அல்லவா? ஆமாம், தரும். அது கண்ணுக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம் வேறு. அயோடோபார்ம் தண்ணீரில் கரையாது, கீட்டோனில் நன்றாகக் கரையும். பத்து பதினைந்து சொட்டுக் கீட்டோனை ஊற்றி ஒரு மில்லி அயோடின் விட்டால், உண்டான கொஞ்சம் அயோடோபார்மும் மிச்சக் கீட்டோனிலேயே கரைந்து மறைந்திருக்கும். பொருளை அதிகமாக எடுத்தால் நன்றாகத் தெரியும் என்று நினைப்போம், இந்தச் சோதனையில் அது நேர்மாறு. குழாயில் தண்ணீரை நிறைய ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள், ஒளிந்திருந்தால் வெளியே வரும். கண்ணாடித் தண்டால் குழாயின் உட்சுவரைத் தேய்ப்பதும் உதவும்.

அடுத்த காரணம், காரமும் சூடும் கூடிப்போவது. ஹைப்போஅயோடைட்டு நிலையான பொருள் இல்லை. காரத்தில் நின்றால் தானே அயோடைடாகவும் அயோடேட்டாகவும் பிரிந்துவிடும், சூட்டில் இன்னும் சீக்கிரம். காரத்தில் இருக்கும் அயோடேட்டால் கீட்டோனை ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் அயோடினையும் காரத்தையும் முன்கூட்டியே கலந்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளக் கூடாது, பொருள் இருக்கும் குழாயிலேயே அது புதிதாக உண்டாக வேண்டும். அதோடு சூடான அதிகக் காரம், வந்த அயோடோபார்மையே மெதுவாக உடைத்து சோடியம் பார்மேட்டாக்கிவிடும். மஞ்சள் வந்து பிறகு மறைந்தது என்று யாராவது சொன்னால் நேரடியாக ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்தார்களா என்று கேளுங்கள். 60 டிகிரி நீர்த்தொட்டி போதும், சுடர் வேண்டாம்.

கரைசல் மஞ்சளாக இருக்கிறது, ஆனால் தெளிவாக இருக்கிறது

இது பாசிட்டிவ் இல்லை. நீர்த்த அயோடின் தானே மஞ்சளாகத்தான் தெரியும். இரண்டு மூன்று சொட்டுக் காரம் விட்டுக் குலுக்கினால் அயோடினின் மஞ்சள் போய்விடும், அயோடோபார்ம் போகாது. குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது கலங்கலாவது பொடியாவது தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

மேலே எண்ணெய் மிதக்கிறது

அசிட்டோபீனோனிலும் நீளமான சங்கிலி உள்ள கீட்டோன்களிலும் இது சகஜம். தண்ணீரில் கரையாத கீட்டோனைக் காரமும் ஹைப்போஅயோடைட்டும் தொடவே முடியாது, எல்லாம் நீரில் இருக்கின்றன, கீட்டோன் மட்டும் மேலே தனியாக நிற்கிறது. பொருளை 2 மில்லி டையாக்சேனில் கரைத்து ஆரம்பியுங்கள், கடைசியில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் அயோடோபார்ம் விழும். டையாக்சேனை ஆவிபோக்கிப் பெட்டிக்குள் வைத்துத்தான் கையாள வேண்டும், கையுறையோடு, உடம்புக்கு நல்லதில்லாத திரவம் அது. பாட்டிலில் வரும் டையாக்சேனிலேயே அயோடோபார்ம் தரும் அசுத்தம் இருக்கக்கூடும் என்பதால் டையாக்சேன் மட்டும் ஊற்றிய குழாய் ஒன்றைப் பக்கத்தில் ஓட்டியே ஆக வேண்டும்.

பலர் இந்த இடத்தில் கைக்குக் கிடைக்கும் எத்தனாலில் கரைக்கிறார்கள். 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன் சோதனைக்கு எத்தனாலில்தானே கரைத்தோம், அதே குழாயிலிருந்து நாலு சொட்டு எடுத்துக்கொள்வோம் என்று. அது அடுத்த அறிகுறிக்குக் கொண்டுபோய் விடும்.

எல்லாக் குழாயிலும் மஞ்சள் வருகிறது

மஞ்சள் வராத குழாயை விட வரக்கூடாமல் வந்த குழாய்தான் ஆபத்து, ஏனென்றால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. ஆசைப்பட்ட நிறம் வந்துவிட்டது, எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறோம். என் கருத்தில், வெற்றுச் சோதனை ஓட்டாத அயோடோபார்ம் சோதனைக்கு மதிப்பே இல்லை. பொருளை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதே அளவில், அதே மாதிரி கழுவிய குழாயில் செய்வதுதான் வெற்றுச் சோதனை, ஆய்வகத்தில் பிளாங்க் என்பார்கள். ஒரு குழாய்தான் கூடுதல் செலவு.

வெற்றுக் குழாயே மஞ்சளானால் முதல் குற்றவாளி அசிட்டோன். குழாய் சீக்கிரம் காய வேண்டும் என்று அசிட்டோனால் அலசி வைப்பது எல்லா ஆய்வகத்திலும் உள்ள வழக்கம், அசிட்டோனோ இந்தச் சோதனையில் மிக வேகமாக வினைபுரியும் மெத்தில் கீட்டோன்களில் ஒன்று. ஒரே ஒரு சொட்டு அசிட்டோன், ஏறக்குறைய 0.04 கிராம், முழுசாக வினைபுரிந்தால் 0.27 கிராம் அயோடோபார்ம் தரும். குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம்கூடக் கண்ணுக்குத் தெரியும் கலங்கலுக்குப் போதும், ஏனென்றால் 10 மில்லி தண்ணீரில் ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் அயோடோபார்ம் கரையும், அதற்கு மேல் உண்டாவதெல்லாம் வெளியே தெரியும். இந்தச் சோதனைக்கு வைத்திருக்கும் குழாய்களையும் டிராப்பரையும் தண்ணீரால் மட்டும் கழுவி அடுப்பில் உலர்த்துங்கள்.

இரண்டாவது குற்றவாளி எத்தனால். ஹைப்போஅயோடைட்டு அதை அசிட்டால்டிஹைடாக ஆக்சிஜனேற்றம் செய்யும், அசிட்டால்டிஹைடில் CH3CO இருக்கிறது, அங்கிருந்து அயோடோபார்ம்தான். அடோல்ஃப் லீபென் 1870-இல் இந்தச் சோதனையைப் பயன்படுத்தியதே எத்தனாலைக் கண்டுபிடிக்கத்தான். எத்தனாலில் கரைத்த பொருள், எத்தனாலில் மறுபடிகமாக்கிச் சரியாக உலர்த்தாத பொருள், எத்தனால் கலந்த மெத்தனால், எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான். கூடவே ஒன்று: வெற்றுக் குழாய் அறை வெப்பநிலையில் சுத்தமாக இருந்து 60 டிகிரிக்குப் போனதும் கலங்கினால் அசிட்டோனை விட எத்தனாலைச் சந்தேகப்படுங்கள், எத்தனால் முதலில் ஆக்சிஜனேற்றமாக வேண்டியிருப்பதால் மெதுவாக வரும்.

வீழ்படிவு இருக்கிறது, ஆனால் அது அயோடோபார்ம்தானா

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வடிதாளில் வடித்து, குளிர்ந்த தண்ணீரால் கழுவி, வடிதாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து உருகுநிலை பாருங்கள். 119 முதல் 121 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடான அடுப்பில் காயவைக்க வேண்டாம், கொஞ்சம் ஆவியாகிப் போகும், வெளிச்சத்தில் கிடந்தால் அயோடின் பிரிந்து பழுப்பேறும். நுண்ணோக்கி இருந்தால் இன்னும் சுலபம், அறுகோணத் தகடுகளும் ஆறு முனை நட்சத்திரங்களும் தெரியும்.

ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டும் என்றால், பீனால்களும் இதே கரைசலில் அயோடினை ஏற்று வீழ்படிவு தரும். ட்ரைஅயோடோபீனால் உருகுவது 158 டிகிரி பக்கம், உருகுநிலைக் குழாயில் வைத்தால் உடனே தெரிந்துவிடும். இன்னொரு பொறி அசிட்டோபீனோனில் இருக்கிறது. அதிலிருந்து அயோடோபார்மோடு பென்சோயிக் அமிலமும் வரும், அது உருகுவது 122 டிகிரி, ஆக இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண். காரம் இருக்கும் வரை பென்சோயேட்டாகக் கரைசலிலேயே இருக்கும், கவலையில்லை. யாராவது அமிலம் ஊற்றிவிட்டு வடித்தால்தான் கலந்துவிடும். அதனால் முதலில் காரநிலையிலேயே வடியுங்கள், அமிலம் பிறகு.

வடிநீரைக் கொட்டவும் வேண்டாம். பலர் கவனிக்காத பாதி விடை அதில்தான் இருக்கிறது. மெத்திலைத் தவிர மீதிச் சங்கிலி முழுக்க அங்கே அமில உப்பாக நிற்கிறது. அமிலமாக்குவதற்கு முன் கொஞ்சம் சோடியம் பைசல்பைட்டு போடுங்கள், இல்லாவிட்டால் அயோடேட்டும் அயோடைடும் அமிலத்தில் சேர்ந்து அயோடினை வெளிவிட்டு எல்லாம் கறுத்துவிடும். பைசல்பைட்டு போட்டால் கந்தக டைஆக்சைடு வரும், ஆவிபோக்கிப் பெட்டிக்குள் செய்யுங்கள். அசிட்டோபீனோன் என்றால் வெள்ளையாகப் பென்சோயிக் அமிலம் விழும்.

அயோடோபார்ம்தான், ஆனால் பொருள் கீட்டோன் இல்லை

அப்படியென்றால் CH3CH(OH)– இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனால், புரோப்பன்-2-ஆல், பியூட்டன்-2-ஆல் எல்லாம் முதலில் ஆக்சிஜனேற்றமாகிப் பிறகு அயோடோபார்ம் தரும். ஆகவே சோதனை காட்டும் துப்பு "CH3CO– இருக்கிறது, அல்லது இந்தக் கரைசலில் அப்படி ஆகக்கூடியது இருக்கிறது" என்பது மட்டுமே. கீட்டோனா ஆல்கஹாலா என்பதை 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீனிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

எஸ்டர்களிலும் ஏமாறலாம். ஈதைல் அசிட்டேட்டில் CH3CO எழுத்தில் இருக்கிறது, ஆனாலும் கீட்டோன் போல வினைபுரியாது. சூடான காரத்தில் அது பிளந்து எத்தனால் வெளிவரும், மஞ்சள் அந்த எத்தனாலிலிருந்து வருவது. அசிட்டிக் அமிலம் ஏன் தருவதில்லை என்று தேர்வில் கேட்பார்கள்: காரத்தில் அது அசிட்டேட்டு அயனியாகிவிடும், ஏற்கெனவே எதிர்மின்சுமை உள்ள அதிலிருந்து இன்னொரு ஹைட்ரஜனைப் பிடுங்க இந்தக் காரத்தால் முடியாது.

மெத்தில் கீட்டோன்தான், எல்லாம் சரியாகச் செய்தும் வரவில்லை

அரிது, ஆனால் உண்டு. 2,4,6-ட்ரைமெத்தில்அசிட்டோபீனோனில் கார்பனைலின் இரு பக்கமும் மெத்தில் தொகுதிகள் அடைத்துக்கொண்டிருக்கும். CH3-இல் ஹாலஜன் ஏறிவிடும், அதற்குத் தடையில்லை, ஆனால் கடைசிப் படியில் ஹைட்ராக்சைடு கார்பனைலை நெருங்க முடியாது, பிளவு நடக்காது. வினை பாதியிலேயே நின்றுவிடுகிறது. இப்படிப்பட்ட பொருளில் நெகட்டிவ் என்பது "மெத்தில் கீட்டோன் இல்லை" என்பதற்குச் சான்றாகாது.

ஒரு பிரச்சினையை முழுசாகப் பார்ப்போம்

லேபிள் அழிந்த இரண்டு பாட்டில்கள், அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் C5H10O, ஒன்று பென்டன்-2-ஓன், இன்னொன்று பென்டன்-3-ஓன். கொதிநிலை இரண்டுக்கும் 102 டிகிரி பக்கம், காய்ச்சி வடித்துப் பிரித்துச் சொல்ல முடியாது. டாலன் கரைசல் இரண்டிலும் ஒன்றும் செய்யாது. இப்படிப்பட்ட இடத்துக்காகவே இருப்பது அயோடோபார்ம் சோதனை.

கட்டமைப்பைப் பார்த்தால் விடை முன்பே தெரியும். பென்டன்-2-ஓனில் கார்பனைலின் ஒரு பக்கம் CH3, மறுபக்கம் CH2. காரத்தில் அயோடின் CH3 பக்கமே ஏறி, ஏறிய கார்பனிலேயே தொடர்ந்து ஏறும். பென்டன்-3-ஓனில் இரு பக்கமும் CH2. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் இரண்டு அயோடின்தான் ஏற முடியும், மூன்று ஏறிய CI3 கிடைக்கவே கிடைக்காது, எனவே CHI3-உம் கிடைக்காது.

இப்போது சோதனை. அ குழாயில் நாலைந்து மில்லி அயோடினுக்குள் கெட்டியாக மஞ்சள். ஆ குழாய் முதலில் தெளிவாக இருந்தது, சூடாக்கியதும் லேசாகக் கலங்கி மெல்லிய மஞ்சள் படலம். இங்கேதான் தடுமாற்றம். இரண்டும் பாசிட்டிவ் என்று எழுதுவதா, ஆ-வை "லேசான பாசிட்டிவ்" என்று எழுதுவதா? லேசான பாசிட்டிவ் என்ற ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள், அதன் எடையைப் பாருங்கள். 0.1 கிராம் பென்டன்-2-ஓன் முழுசாக வினைபுரிந்தால் 0.45 கிராம் வரை அயோடோபார்ம் வரும், எடுத்த பொருளை விட நாலு மடங்குக்கு மேல். கழுவலிலும் வடித்தலிலும் பாதி போனாலும் அடியில் கெட்டியாகத் தங்கும் அளவு இருக்கும். ஆ குழாயில் வடித்துக் காயவைத்தது 10 மில்லிகிராமுக்குள் என்றால், அது எடுத்த பொருளில் சுமார் 2% அளவுக்கு மட்டும் மெத்தில் கீட்டோனோ அதற்குச் சமமான வேறு ஏதோ இருந்ததைக் காட்டுகிறது. பொருள் முழுவதும் மெத்தில் கீட்டோன் என்பதற்கு அது சான்று இல்லை.

அந்த 2% எங்கிருந்து? வெற்றுக் குழாயைப் பாருங்கள். அதிலும் அதே படலம் என்றால் குழாயிலோ கரைசலிலோ பிரச்சினை. அடுப்பில் உலர்த்திய புதுக் குழாயில் ஆ-வைத் திரும்பச் செய்தால் தெளிவாக நிற்கும், முடிந்தது. வெற்றுக் குழாய் சுத்தமாக இருந்து ஆ மட்டும் கலங்கினால் பாட்டிலிலேயே கலப்பு, அநேகமாக அ-வுக்குப் பயன்படுத்திய டிராப்பரை ஆ-விலும் விட்டிருப்பார்கள். ஆ-வைக் காய்ச்சி வடித்தாலும் இங்கே பலனில்லை, இரண்டின் கொதிநிலையும் ஒன்றாயிற்றே.

அப்போது 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசோன் செய்து உருகுநிலை பார்க்க வேண்டியதுதான். பென்டன்-2-ஓன் தருவது 143 டிகிரி பக்கம் உருகும், பென்டன்-3-ஓன் தருவது 156 டிகிரி பக்கம். ஒருமுறை எத்தனாலில் மறுபடிகமாக்கினால் அந்த 2% கலப்பு தாய்க்கரைசலோடு பெரும்பாலும் போய்விடும், ஆ-விலிருந்து 155-156 என்று கூர்மையாக வந்தால் சந்தேகம் தீர்ந்தது. இந்தப் படிகத்தை எடுத்த கரண்டியை அயோடோபார்ம் மேசைக்குக் கொண்டுவராதீர்கள், அதில் எத்தனால் ஒட்டியிருக்கும்.

அ பாட்டிலுக்கும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. லேபிள் அழிந்த பாட்டிலில் இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கும் என்று நமக்கு யாரும் உறுதி சொல்லவில்லை என்றால், C5H10O-வில் மூன்றாவது கீட்டோனும் உண்டு, 3-மெத்தில்பியூட்டன்-2-ஓன். அதுவும் மெத்தில் கீட்டோன், அதுவும் அதே மாதிரி கெட்டியாக மஞ்சள் தரும், இந்தச் சோதனையால் அதைப் பென்டன்-2-ஓனிடமிருந்து பிரிக்க முடியாது. அதற்குக் கொதிநிலை உதவும்: 3-மெத்தில்பியூட்டன்-2-ஓன் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். வடிநீரும் உதவும், பென்டன்-2-ஓன் என்றால் அமிலமாக்கியதும் பியூட்டனாயிக் அமிலம் வரும், கெட்டுப்போன வெண்ணெய் வாடை. மற்றதிலிருந்து 2-மெத்தில்புரோப்பனாயிக் அமிலம் வரும், அதுவும் காட்டமான வாடைதான். வாடையை மட்டும் வைத்து இரண்டில் எது என்று சொல்லத் துணியாதீர்கள், கொதிநிலையையே பிடித்துக்கொள்ளுங்கள்.